ரெண்டரைப் பாகம்

ரோஸ்லினுக்குக் கடல் கறுக்கும் இடம் ஆகாது.

தங்கச்சிமடத்து வடகரையில் அலை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. மாசி மாதத்தில் விடியற்காலைத் தண்ணீர் தாம்பாளத்தில் ஊற்றி வைத்த மாதிரி கிடக்கும். கரையிலிருந்து இருநூறு கை வீசும் வரை அடியில் வெள்ளை மணல் தெரியும். அதற்கப்புறம் கோடு கிழித்தாற்போலத் தண்ணீர் கறுத்துவிடும். கோட்டுக்கு இந்தப் பக்கம் ரோஸ்லினை முந்த ஒன்பதாம் வகுப்பில் ஆள் இல்லை. கோட்டைத் தாண்ட வேண்டும் என்றால் அவள் கழுத்து தானாக நிமிரும். தலை தூக்கினால் இடுப்பு தாழும், இடுப்பு தாழ்ந்தால் கால் தொங்கும். தொங்கிய கால் தரையைத் தேடும். தரை கிடைக்காது. திரும்பிவிடுவாள்.

யாரும் அவள் கண் முன்னால் மூழ்கியதில்லை, அவளும் ஒரு நாளும் மூழ்கவில்லை. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. அப்படிப்பட்ட பயமும் உண்டு. அதற்கு ஒரு கதை இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

பதினாறு வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான ஒரு கிலோமீட்டர் கடல் நீச்சலுக்கு பி.டி. டீச்சர் பெயர் கொடுத்தபோது, மணலோரமாக அவள் நீந்தும் வேகம்தான் அவர் கண்ணில் பட்டிருந்தது. படகில் கொண்டுபோய் நடுக்கடலில் இறக்கிவிடுவார்கள், அங்கிருந்து கரைக்கு வர வேண்டும். வெள்ளைத் தண்ணீர் கடைசி இருநூறு மீட்டருக்குத்தான். மீதி எண்ணூறும் கோட்டுக்கு அந்தப் பக்கம்.

போட்டிக்குப் பத்து நாள் இருந்தது. அன்று ராத்திரி அம்மாச்சியிடம் மட்டும் சொன்னாள்.

"கறுப்புத் தண்ணிக்கு மேல போனா, கீழ இருந்து யாரோ காலப் புடிச்சு இழுக்குற மாதிரி இருக்கு அம்மாச்சி."

அம்மாச்சி சின்னப்பாலத்தில் பிறந்தவள். பதினொரு வயதிலிருந்து தென்கடலில் மரிக்கொழுந்துப் பாசி எடுத்தவள். விரல்களில் துணி சுற்றி, பாறையைப் பிடித்துக்கொண்டு தலைகீழாக நின்று பாசி பிடுங்கிய கை அவளுடையது. சிரிக்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை.

"எம்புட்டு ஆழம்டி அது?"

"தெரியல. நெறைய."

"அளந்து பாத்தியா?"

மறுநாள் விடியுமுன் மாமாவின் வத்தைப் படகு கிளம்பியது. அம்மாச்சி மடியில் ஒரு நைலான் கயிறு வைத்திருந்தாள். நுனியில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகள் எட்டைச் சேர்த்துக் கட்டி, இரண்டு கையையும் விரித்து ஒரு பாகத்துக்கு ஒரு முடிச்சாகப் போட்டிருந்தாள். ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி.

கறுப்புக்கு மேல் வத்தை நின்றது. "நீயே விடு" என்று கயிற்றை அவளிடம் கொடுத்தாள்.

ரோஸ்லின் மூன்று நான்கு முடிச்சு போகும் என்று எண்ணிக்கொண்டுதான் விட்டாள். முதல் முடிச்சு தண்ணீரைத் தொடுவதற்குள் கயிறு தொய்ந்துவிட்டது. ஈயம் தரையில் உட்கார்ந்துவிட்டது. இழுத்துப் பார்த்தாள். மறுபடி விட்டாள். அதே அளவுதான். ஒரு பாகத்துக்கும் ஒரு சாண் குறைவு. குண்டுகளுக்கு இடையில் பச்சையாக, நாடா மாதிரி, இரண்டு இலை சிக்கி வந்தது.

"தாழை" என்றார் மாமா. "ஆவுளியா மேயுற புல்லு. கறுப்பாத் தெரியிறது ஆழம் இல்லம்மா, இதுதான்."

வத்தை இன்னும் வெளியே போனது. புல் முடிந்து, தண்ணீர் மறுபடி வெளிறி, பார்க்க இதமான இளம்பச்சையாக இருந்தது. இங்கே என்றால் இறங்கிவிடலாம் என்று ரோஸ்லினுக்குத் தோன்றியது. கயிற்றை விட்டாள். ஒரு முடிச்சு போனது. இரண்டாவதும் போனது. அதற்கு மேலும் பாதி போய்த்தான் நின்றது.

ரெண்டரைப் பாகம். பதினைந்து அடி.

அவள் கயிற்றையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தாள். பயந்து திரும்பிய இடம் தலைக்குச் சற்று மேலே போகும் தண்ணீர். இறங்கிவிடலாம் என்று நினைத்த இடம் அதைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஆழம்.

"கண்ணு நெறத்தப் பாக்குது. பயம் அத நம்பிருது" என்றாள் அம்மாச்சி. "எறங்கு."

அளந்து தெரிந்துகொண்டதும் பயம் பறந்துவிடவில்லை. இறங்கினாள், வத்தையின் விளிம்பை விடாமல் பத்து நிமிடம் தொங்கினாள், ஏறிக்கொண்டாள். அன்றைக்கு அவ்வளவுதான்.

அடுத்த இரண்டு நாளும் டீச்சர் வத்தையில் வந்தார். அவர் பார்த்தது மூச்சை. ரோஸ்லின் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்ததும் மூச்சை அடக்கிக்கொள்கிறாள். தலை திருப்பும் அந்த அரை நொடிக்குள் பழைய காற்றை விட்டுப் புதியதை இழுக்கப் பார்க்கிறாள். இரண்டுக்கும் நேரம் போதாது. மேலோட்டமாகக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு மறுபடி முகத்தைக் கவிழ்க்கிறாள். இருபது வீச்சுக்குள் நெஞ்சு அடைக்கிறது, நெஞ்சு அடைத்ததும் 'மூழ்கப் போகிறேன்' என்கிறது மனம்.

"மூச்சு முட்டுறது காத்து பத்தாம இல்ல ரோஸ்லின். கெட்ட காத்த உள்ளயே வச்சிருக்க. முகம் தண்ணிக்குள்ள இருக்கிற நேரமெல்லாம் மூக்கு வழியா விட்டுக்கிட்டே இரு. தலையத் திருப்பும்போது இழுக்கிற வேலை மட்டும்தான் மிச்சம் இருக்கணும்."

முனகச் சொன்னார். தண்ணீருக்குள் 'ம்ம்ம்' என்று முனகினால் காற்று தானாக வெளியேறும், அடக்க முடியாது. கேட்கச் சின்ன விஷயம்தான், ஆனால் அந்த வாரத்தில் அவளுக்கு மிகப் பெரிய உதவி இந்த முனகல்தான். குமிழிகள் கன்னத்தை உரசிக்கொண்டு காதோரம் போகும் சத்தத்தில், கீழே என்ன இருக்கிறது என்று கேட்கும் குரல் அமுங்கிப் போனது.

மல்லாந்து மிதப்பதையும் அங்கேயே பழகினாள். காது தண்ணீருக்குள், தாடை மேலே, நெஞ்சு நிறையக் காற்று, கை அகல. உப்புத் தண்ணீர் ஆளை நன்றாகத் தாங்கும். கால் மட்டும் மெல்லத் தாழும், தாழட்டும். அதை மேலே தூக்கப் போராடினால்தான் முகம் அமிழும்.

நாலாம் நாளும் ஐந்தாம் நாளும் வாடைக் காற்று எழுந்தது. தண்ணீர் கலங்கிவிட்டது, வத்தை இறங்கவில்லை.

ஆறாம் நாள் அம்மாச்சி தன் பழைய பாசிக் கண்ணாடியை எடுத்து வந்தாள். மூக்கையும் சேர்த்து மூடும் வகை.

"போட்டிக் கண்ணாடியோட கீழ போகாத. கண்ண உறிஞ்சும். இதுல மூக்கு வழியா லேசா காத்து விட்டா உறிஞ்சாது."

நங்கூரக் கயிற்றைப் பிடித்து, கை மாற்றிக் கை மாற்றி இறங்க வேண்டும். ஒவ்வொரு நாலடிக்கும் ரப்பருக்கு மேலாக மூக்கை அமுக்கி, வாயை மூடி, காதுப் பக்கம் மெதுவாக ஊத வேண்டும். வலி வருமுன் ஊத வேண்டும், வந்த பின் ஊதினால் திறக்காது. வலித்தால் மேலே வந்துவிட வேண்டும். இறங்குமுன் ஏழெட்டு முறை வேகவேகமாக மூச்சு வாங்கவே கூடாது, அப்படிச் செய்தால் தண்ணீருக்குள் சொல்லாமல் கொள்ளாமல் மயக்கம் வரும். ஒரே ஒரு நிதானமான மூச்சு போதும். மேலே படகில் ஆள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கூட இறங்க ஆள் இல்லாமல் அம்மாச்சி தன் வாழ்நாளில் ஒரு முங்கும் போட்டதில்லை. அன்றைக்கும் அறுபது வயதில் சேலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவளும் இறங்கினாள்.

முதல் முறை ஆறடியிலேயே காது குத்தியது. ஏறினாள். இரண்டாம் முறை ஊத மறந்துவிட்டாள். மூன்றாம் முறை, காதுக்குள் 'டக்' என்று ஒரு சின்ன ஓசை கேட்டு வலி விலகியது. கயிறு முடிந்தது. நங்கூரத்தின் கொக்கிக்குப் பக்கத்தில் மணல் வரி வரியாக இருந்தது. ஒரு நண்டு, அவளைப் பார்த்ததும் பாதி புதைந்துகொண்டது. ஒரு பிடி மணலை அள்ளினாள். அண்ணாந்தபோது மேலே வத்தையின் அடிப்பலகையும், அம்மாச்சியின் வெளுத்த பாதங்களும், அவற்றைச் சுற்றி நடுங்கும் வெளிச்சமும் தெரிந்தன. ஆழத்துக்கும் ஒரு தரை இருந்தது. அங்கிருந்து மேலே போக ஏழெட்டு நொடிதான் ஆனது.

மேலே வந்து கையை விரித்தபோது மணலில் பாதி கரைந்து போயிருந்தது. இருந்ததை அம்மாச்சி உள்ளங்கையில் வாங்கி, வத்தையின் விளிம்பில் தேய்த்து வைத்தாள்.

போட்டியன்று காலை ஆறரை மணி. பத்தொன்பது பேர். அக்குளிலும் கழுத்திலும் உப்பு உரசாமல் இருக்க வாசலின் தடவி, கண்ணாடியின் உள்பக்கம் பனிக்காமல் இருக்க எச்சில் தேய்த்துக் கழுவி, தயாராக நின்றார்கள். டீச்சர் ஒன்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னார்: "பத்து வீச்சுக்கு ஒரு தரம் கண்ண மட்டும் தண்ணிக்கு மேல தூக்கி வேதக்கோயில் கோபுரத்தப் பாரு. தலை முழுசையும் தூக்காத."

விசில் அடித்ததும் கும்பல் கிளம்பியது. முதல் ஐம்பது மீட்டரில் யாருடைய கையும் காலும் எங்கே என்று தெரியாது. முன்னால் போனவளின் குதிகால் ரோஸ்லின் முகத்தில் அடித்தது. கண்ணாடி நகர்ந்து இரண்டு கண்ணிலும் தண்ணீர் நிறைந்தது. கண் எரிந்தது. எதுவும் தெரியவில்லை. கழுத்து நிமிர்ந்தது, இடுப்பு தாழ்ந்தது, கால் தரையைத் தேடியது.

கீழே ரெண்டரைப் பாகம்.

அந்த எண் எங்கிருந்தோ வந்தது. மணல், வரி வரியாக. நண்டு. கால் தேடுவதை நிறுத்தியது. கும்பலை விட்டு இரண்டு வீச்சு பக்கவாட்டில் விலகி மல்லாந்தாள். காது தண்ணீருக்குள், தாடை மேலே. கண்ணாடியைத் தூக்கித் தண்ணீரை ஊற்றினாள். மாட்டினாள். ஒரு பக்கம் இன்னும் கசிந்தது, மறுபடி எடுத்து வாரை அழுத்தி மாட்டினாள். பாதுகாப்புப் படகில் இருந்தவர் கை உயர்த்திக் கேட்டார். 'ஒன்றுமில்லை' என்று இவளும் கை உயர்த்தினாள். புரண்டு கவிழ்ந்து முனக ஆரம்பித்தாள்.

இளம்பச்சை போனது. கறுப்பு வந்தது. தாழை இலைகள் எல்லாம் கிழக்கே சாய்ந்திருந்தன. நீரோட்டம் அந்தப் பக்கம் இழுக்கிறது என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். கண்ணைத் தூக்கிப் பார்த்தால் கோபுரம் வலப்பக்கம் விலகியிருந்தது. கொஞ்சம் மேற்கே திருப்பினாள். அவளுக்கு முன்னால் போன மூன்று பேர் கிழக்கே வெகுதூரம் வளைந்துபோய்த் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு வெள்ளை மணல். இடுப்பளவு தண்ணீர் வந்ததும் பக்கத்தில் இருந்தவள் எழுந்து நடக்கத் தொடங்கினாள். இடுப்பளவு தண்ணீரில் நடப்பவளை நீந்துபவள் முந்திவிடுவாள். ரோஸ்லின் எழவில்லை. முழங்கால் அளவு வந்தது. அப்போதும் எழவில்லை. விரல் நுனி மணலைக் கீறிய பிறகுதான் காலை ஊன்றினாள்.

ஏழாவது இடம். அம்மாச்சி துண்டோடு தண்ணீருக்குள்ளேயே நடந்து வந்திருந்தாள்.

"நடுவுல மல்லாந்து கெடந்தியே, என்னடி?"

"கண்ணாடி கழண்டுருச்சு அம்மாச்சி." மூச்சு வாங்கிக்கொண்டே திரும்பிக் கடலைப் பார்த்தாள். "தென்கடல்ல நீ பாசி எடுத்த எடம் எத்தன பாகம்?"

"ரெண்டு இருக்கும். சில எடம் மூணு."

"கயிறு அம்புட்டுத்தான் இருக்கா, இன்னும் முடிச்சுப் போடணுமா?"