விடுதியை விட்டு வெளிக்கிட முன்னம்: திறப்பு, படுக்கைச் சாமான், இரவல் சாமான் ஒப்படைக்கிற பட்டியல்

தங்கச்சிமார், கீழ்மாடி மேல்மாடி எல்லாருக்கும்தான் இது. முதலாம் வருசப் பிள்ளையளுக்கு இதுதான் முதல் தரம் எண்டபடியால் கொஞ்சம் விளக்கமாவே எழுதுறன். 26ம் திகதி வெள்ளிக்கிழமை பின்னேரம் 4 மணிக்கு முன்னம் அறை காலியா இருக்கோணும். 4 மணிக்கு மேற்றன் அன்ரி புத்தகத்தை மூடிப்போட்டுப் போனா சனி ஞாயிறு ஒருத்தரும் இல்லை, திங்கள் பொசன் போயா, செவ்வாய்தான் ஒஃபீஸ் திறக்கும். அதுக்குள்ள நீங்கள் மட்டக்களப்பிலயோ பதுளையிலயோ நிண்டுகொண்டு போன் அடிச்சு ஒண்டும் செய்யேலாது.

வருசத் தொடக்கத்தில ஒவ்வொருத்தரும் சைன் வைச்சு எடுத்தது இவ்வளவும்தான், புத்தகத்தில உங்கட பேருக்கு நேர இதுதான் கிடக்கு:

☐ அறைத் திறப்பு 1
☐ அலுமாரித் திறப்பு 1
☐ மெத்தை 1, தலகணி 1
☐ பெட்சீற் 2, தலகணி உறை 1
☐ நுளம்பு வலை 1
☐ வாளி 1, கப் 1 (ரெண்டிலயும் அறை நம்பர் பெயின்ரால எழுதியிருக்கும்)

கட்டில், மேசை, கதிரை அறையிலயே நிக்கும், அதைத் தூக்கிக்கொண்டு வரத் தேவையில்லை. ஆனா பக்கத்து அறையில இருந்து படிக்கிறதுக்கெண்டு கதிரை இழுத்து வந்தனியள் எண்டால் அதை இப்பவே திருப்பி வையுங்கோ, கடைசி நாள் எண்ணேக்க ஒரு அறையில 5, இன்னொரு அறையில 3 எண்டு வந்தா ரெண்டு அறைக்கும்தான் சிக்கல்.

செவ்வாய், புதன்: தோய்க்கிறதும் காயப்போடுறதும்

பெட்சீற்றை வெள்ளி விடிய தோய்க்கிற யோசினையை விட்டிடுங்கோ. செவ்வாய்க்கிழமையே ஒண்டைத் தோய்ச்சுப் போடுங்கோ, மற்றதில படுங்கோ, அதை வியாழன் விடிய தோய்ச்சா மத்தியானத்துக்குள்ள காஞ்சிடும். இப்ப சோளகக் காற்று அடிக்குது, கொடியில சும்மா போட்டால் அரை மணித்தியாலத்தில செம்மண்ணில கிடக்கும், பேந்து திரும்பவும் தோய்க்கோணும், கிளிப் நாலு மூலைக்கும் போடுங்கோ. பின்பக்க முள்ளுக்கம்பி வேலியில மட்டும் போடாதேங்கோ, போன வருசம் அப்பிடிப் போட்டு எடுக்கேக்க ரெண்டு பெட்சீற் நீட்டுக்குக் கிழிஞ்சது.

கறி பட்ட மஞ்சள் கறை இருந்தா சவுக்காரம் போட்ட உடனே அது சிவப்பாகும், அதைப் பாத்துப் பயந்து குளோறின் ஊத்தாதேங்கோ. மஞ்சளில சவுக்காரம் பட்டால் அப்பிடித்தான் நிறம் மாறும், வடிவா அலசிப்போட்டு நல்ல வெயிலில ரெண்டு நாள் போட்டாலே மங்கிப் போயிடும். அதுக்காகத்தான் செவ்வாயே தொடங்கச் சொல்லுறன். ஈரத்தோட மடிச்சுக் குடுக்கக் கூடாது, ஸ்ரோர் அறையில ஒண்டு ஈரமாக் கிடந்தாலே பக்கத்தில இருக்கிறதுக்கும் பூஞ்சணம் பிடிக்கும், அடுத்த வருசம் வாற பிள்ளை அதைத்தான் போட்டுப் படுக்கப்போகுது. பெட்சீற் மூலையில விடுதி சீல் மை இருக்கும், அது வெளியில தெரியிற மாதிரி மடியுங்கோ. சீல் இல்லாதது வீட்டில இருந்து கொண்டுவந்தது, மாறிக் குடுத்திட்டு அம்மா தந்த பெட்சீற் எங்கயெண்டு தேடுற பிள்ளையள் ஒவ்வொரு வருசமும் இருக்கினம்.

மெத்தையை ரெண்டு பேராப் பிடிச்சு மொட்டைமாடிக்குக் கொண்டுபோங்கோ, விடிய 9 மணிக்குப் போட்டு மத்தியானம் ஒருக்காப் பிரட்டி விடுங்கோ. தும்புத்தடியின்ர தடிப்பக்கத்தால அடிச்சுத் தூசி தட்டுங்கோ. பிறகு தையல் ஓரத்தை விரலால விரிச்சு விரிச்சுப் பாருங்கோ. சின்னக் கறுப்புப் புள்ளி புள்ளியா, மை தெளிச்ச மாதிரி இருந்தா அது மூட்டைப்பூச்சி. மறைக்காமல் அன்ரியிட்டச் சொல்லுங்கோ, அதுக்கு உங்களிட்டக் காசு பிடிக்கமாட்டினம், அந்த மெத்தையைத் தனிய வைச்சு மருந்தடிப்பினம். மறைச்சுப் போட்டு அடுக்கினா லீவு முடிஞ்சு வரேக்க அந்த அறை முழுக்க இருக்கும். மெத்தை மூலை கிழிஞ்சிருந்தா, எடுக்கேக்கயே கிழிஞ்சிருந்ததோ எண்டு புத்தகத்தில எழுதியிருக்கு, ஆறுதலா உங்கட பேருக்கு நேர வாசிச்சுப் பாத்திட்டுக் கதையுங்கோ.

நுளம்பு வலையைக் கழட்டேக்க கயிறையும் ஆணியையும் சேத்துக் கழட்டி வலைக்குள்ளயே முடிஞ்சு வையுங்கோ. ஓட்டை இருந்தா ஊசி நூல் என்னட்ட இருக்கு.

வியாழன்: இரவல் வாங்கினது எல்லாம்

முதல் லைப்ரரிப் புத்தகம். அங்க சைன் விழாட்டி கிளியரன்ஸ் போமில மற்ற ஒருத்தரும் கை வைக்கமாட்டினம், கியூ வியாழன் 11 மணிக்குப் பிறகு வாசலுக்கு வெளியில வந்திடும், அதால விடிய திறக்கேக்கயே போங்கோ. புத்தகத்துக்குள்ள வைச்ச போட்டோகொப்பி, பஸ் ரிக்கெற், காசு எல்லாத்தையும் உதறிப் பாத்திட்டுக் குடுங்கோ. லாப் சாமான், ஸ்போர்ட்ஸ் ரூமில எடுத்த பட், நெற் எல்லாம் அடுத்தது. இதெல்லாம் எழுத்தில இருக்கிற இரவல், மறந்தாலும் ஆராவது ஞாபகப்படுத்துவினம்.

எழுத்தில இல்லாத இரவல்தான் எனக்குக் கவலை. இந்த வருசம் தண்ணி வராத அந்த நாலு நாளும் பின்வீட்டு அம்மா தன்ர குடம் ரெண்டும், ஒரு பெரிய சில்வர் அண்டாவும் தந்தவ. தன்ர கிணத்தில அள்ளிக்கொண்டு போங்கோ எண்டும் விட்டவ. அண்டா இன்னும் மேல்மாடிக் குளியலறைக்கு வெளியில கிடக்கு, நேற்றுப் பாத்தன், அடியில வெள்ளையா உப்புப் படிஞ்சு போய். இஞ்சத்தத் தண்ணியில அப்பிடித்தான் படியும், தேசிக்காய்ப் பாதியால அல்லது பழப்புளியால தேய்ச்சுக் கொஞ்ச நேரம் விட்டுக் கழுவினாப் போயிடும். மினுக்கிப்போட்டுக் கொண்டுபோங்கோ, ஆனா வெறும் பாத்திரமாக் குடுக்காதேங்கோ. வீட்டில அம்மம்மா சொல்லுறது உங்களுக்கும் தெரியும்தானே, இரவல் வாங்கின பாத்திரத்துக்குள்ள ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் திருப்பிக் குடுக்கிறது. ஆளுக்கு 50 ரூபா போட்டா ஒரு கிலோ சீனியும் தேயிலைப் பக்கெற்றும் வாங்கலாம், காசை வியாழன் விடிய 12ம் அறையில குடுங்கோ. ரெண்டு மூண்டு பேராப் போய், நிண்டு கதைச்சு, போட்டு வாறம் எண்டு சொல்லிப்போட்டு வாங்கோ. அவவின்ர மகள் வெளிநாட்டில, எங்களை வாசலில கண்டாலே அவவுக்குச் சந்தோசம்.

கன்டீன் ஐயாவின்ர சுடுதண்ணிப் போத்தல் ஒண்டு காய்ச்சல் வந்த பிள்ளைக்குக் கொண்டுவந்தது, அது எந்த அறையில எண்டு தெரியேல்லை, எல்லாரும் கட்டிலுக்குக் கீழ பாருங்கோ. நீல மூடி, கைபிடியில ரேப் சுத்தியிருக்கும். அவற்ற கொப்பியில கடன் இருந்தா அதையும் கட்டிப்போட்டு பேரை வெட்டுவியுங்கோ. அவர் ஒருநாளும் கேக்கமாட்டார், அதுக்காகத்தான் சொல்லுறன்.

உங்களுக்குள்ள வாங்கினது, அயன்பொக்ஸ், சார்ஜர், கல்குலேட்டர், சாறிப் பின், கலைவிழாவுக்கு வாங்கின பாவாடை தாவணி, றீலோட் போட்ட காசு, எல்லாம் வியாழன் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கீழ் விறாந்தையில பாய் விரிச்சு வைக்கிறம். ஆற்ற எண்டு தெரியாத சாமானை அதில கொண்டுவந்து வையுங்கோ, தங்கடயைக் கண்டால் எடுங்கோ. ஆர் வைச்சிருந்தது எண்டு ஒருத்தரும் கேக்கவேண்டாம்.

விட்டிட்டுப் போற சாமான்

ஸ்ரோர் அறையில ஆளுக்கு ஒரு பெட்டி. காட்போட் பெட்டியை நிலத்தில வைச்சா வன்னிக் கறையான் ரெண்டு மாசத்தில நோட்ஸ் எல்லாத்தையும் மண்ணாக்கிப்போடும், அதால பிளாஸ்ரிக் பெட்டி, இல்லாட்டி உரபாக், அதுவும் பலகைக்கு மேல, சுவரில முட்டாமல். அரிசி, பிஸ்கட், மா, பால்மா ஒண்டும் உள்ள வைக்கவேண்டாம், எலி வரும், எலிக்குப் பின்னால பாம்பு வரும். பேரும் ஊரும் அறை நம்பரும் மார்க்கரால எழுதுங்கோ. பேப்பர் ஒட்டினா விழுந்திடும்.

வெள்ளி விடிய

அறையைக் கூட்டிக் கட்டிலுக்குக் கீழயும் தும்புத்தடி விடுங்கோ. ஃபான், லைற், பிளக் எல்லாம் ஓஃப். வாளியைக் கவிழ்த்து வையுங்கோ, பூச்சட்டித் தட்டுத் தண்ணியையும் ஊத்துங்கோ, ஒரு கிழமை தண்ணி நிண்டாலே நுளம்புக்குக் காணும். யன்னல் கொக்கி ரெண்டும் போட்டு ஒருக்காத் தள்ளிப் பாருங்கோ, காற்றுக்கு அடிச்சுக் கண்ணாடி உடையும். குப்பையைப் பின்னுக்குக் கொண்டுபோய் எரிக்கவேண்டாம், புல்லெல்லாம் காஞ்சுபோய்க் கிடக்கு. சாப்பாடு வைச்சுப் பழக்கின அந்தப் பூனையை செக்கியூரிட்டி அண்ணாவிட்டச் சொல்லியிருக்கு, மிச்ச நெத்தலியை அவரிட்டக் குடுங்கோ.

திறப்பு

இதை வடிவா வாசியுங்கோ. திறப்பை நீங்களே கொண்டுபோய், மேற்றன் அன்ரியின்ர கையில குடுத்து, அவ புத்தகத்தில உங்கட பேரை வெட்டி நேரம் எழுதி, நீங்களும் அதில சைன் வைச்சால்தான் குடுத்தது. மேசையில வைச்சது குடுத்ததில்லை. சிநேகிதியிட்டக் குடுத்ததும் குடுத்ததில்லை.

எனக்கு முதலாம் வருசம் நடந்தது. பின்னேர பஸ்ஸுக்கு நேரம் போகுது எண்டு திறப்பை அறைப் பிள்ளையிட்டக் குடுத்திட்டு நான் ஓடிட்டன். அவ தன்ர பாக்கில போட்டா, அவவின்ர வானும் வந்திட்டுது, அவவும் வெளிக்கிட்டா. ஞாயிறு இரவுதான் அவவுக்கே தெரியும். அவ வேணுமெண்டு செய்யேல்லை, அழுதுகொண்டுதான் எடுத்துச் சொன்னவ. பூட்டை உடைச்சு மாத்தினவை, டிப்போசிற் 2500 இல 1500 போட்டுது. காசை விட, நாங்கள் ரெண்டு பேரும் அந்த லீவு முழுக்கச் சரியாக் கதைக்கேல்லை, அதுதான் இன்னும் மனசில கிடக்கு. ரெண்டு நிமிசம் நிண்டு குடுத்திருந்தா ஒண்டுமில்லை.

குடுக்க முன்னம் திறப்பைப் பூட்டில போட்டு ஒருக்காத் திருப்பிப் பாருங்கோ. எல்லாம் ஒரே கொம்பனிப் பூட்டு, ஒரே மாதிரித்தான் இருக்கும், ஆணியால குத்தின நம்பர் தலைப்பக்கத்தில இருக்கு, ஊத்தையில தெரியாட்டி கொஞ்சம் பற்பசை போட்டுத் தேய்ச்சாத் தெரியும். கொப்பி அடிச்ச திறப்பு வைச்சிருந்தா அதையும் குடுங்கோ, ஒருத்தரும் ஏசமாட்டினம், அன்ரியிட்ட நான் கதைச்சிட்டன். உங்கட சாமிப்பட வளையத்தைக் கழட்டி எடுங்கோ. டிப்போசிற் றிசீற்றைக் கையில வைச்சிருங்கோ, துலைச்சவை வியாழனே அன்ரியிட்டச் சொல்லுங்கோ.

இரவு பஸ்ஸுக்குப் போறவையும் 3.30க்குத் திறப்பைக் குடுத்திடுங்கோ, பாக்கை விசிட்டர்ஸ் அறையில வைச்சிட்டு இருக்கலாம். ரயிலில போறவை, எல்லா ரயிலும் அறிவியல்நகரில நிக்காது, கிளிநொச்சி ஸ்ரேசனுக்கு ஓட்டோ வேணுமெண்டா வியாழனே சொல்லுங்கோ, சேந்து பிடிச்சா ஆளுக்குக் காசு குறையும். பூநகரி வழியா மன்னார் போற பிள்ளையள் மூண்டு பேரும் ஒண்டாவே போங்கோ.

நான் வெள்ளி 5 மணி வரைக்கும் கீழ் விறாந்தையில நிப்பன். கட்டுக்கயிறு, மார்க்கர், உரபாக் எட்டு இருக்கு, வேணுமெண்டா வாங்கோ. வீட்டுக்குப் போய்ச் சேந்தவுடன ஒரு மெசேஜ் போடுங்கோ, எல்லாருமே.