காது மூக்கு தொண்டை வெளிநோயாளர் குறிப்பு: தலைச்சுற்றல், முதல் வருகை

54 வயதுப் பெண், தையல் வேலை. சர்க்கரை 6 வருடமாக. மெட்ஃபார்மின் 500 மி.கி. இரு வேளை.

முக்கியத் தொந்தரவு: 9 நாளாகச் சுற்றல்.

வரலாறு: முதல் முறை விடியற்காலையில், படுக்கையில் வலப்பக்கம் புரண்டபோது. "கட்டிலே கவுந்த மாதிரி இருக்கு" என்கிறார். அறை சுழல்வது அரை நிமிடத்துக்குள் நின்றுவிடுகிறது; பிறகு ஒரு மணி நேரம் குமட்டலும் அசதியும். கேட்டால் "நாள் முழுக்கச் சுத்துது" என்றுதான் முதலில் சொன்னார். ஒவ்வொரு தடவையையும் தனியாக விசாரித்ததில் படுத்தல், எழுதல், வலப்பக்கம் புரளல், பரணில் எட்டி எடுத்தல் ஆகிய நான்கில் மட்டுமே வருகிறது. அசையாமல் உட்கார்ந்தால் இல்லை.

காது கேட்பதில் மாற்றமில்லை. இரைச்சல், அடைப்பு, சீழ் இல்லை. தலைவலி, இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், கைகால் பலவீனம் இல்லை. தலையில் அடிபடவில்லை, கீழே விழவில்லை. கழுத்துத் தேய்மானம் என்று மருந்துக்கடையில் சொல்லிக் கொடுத்த சின்னரிசைன் 25 மி.கி. மூன்று வேளை, 5 நாளாக. தூக்கம் வருகிறது, சுற்றல் குறையவில்லை.

பரிசோதனை: இரத்த அழுத்தம் படுக்கையில் 138/84, நின்று 3 நிமிடத்தில் 132/82. விரல் நுனி சர்க்கரை 146. இரு செவிப்பறையும் இயல்பு. இடக் காதில் சிறிது குறும்பி. 512 ஹெர்ட்ஸ் கவை: ரின்னே இருபுறமும் பாசிட்டிவ், வெபர் நடுவில்.

நேராகப் பார்க்கையில் நிஸ்டாக்மஸ் இல்லை. கண் அசைவு, விரல்-மூக்குச் சோதனை, நடை, ராம்பெர்க் இயல்பு. ஓய்வில் சுற்றலும் நிஸ்டாக்மஸும் இல்லாததால் ஹின்ட்ஸ் செய்யவில்லை. இவருக்குச் செய்தால் தவறான முடிவைத்தான் தரும்.

கழுத்து வலியின்றித் திரும்புகிறது. டிக்ஸ்-ஹால்பைக் இடம்: நெகட்டிவ். வலம்: 4 விநாடி கழித்து மேல்நோக்கியும் வலக் காதை நோக்கிச் சுழன்றும் நிஸ்டாக்மஸ், சுமார் 20 விநாடி, கூடவே அதே சுற்றல். எழுந்து உட்கார்ந்ததும் எதிர்த்திசையில் சிறிது. மல்லாந்து தலை திருப்பும் சோதனை நெகட்டிவ்.

கணிப்பு: வலப் பின் அரைவட்டக் குழாய் பி.பி.பி.வி.

செய்தது: எப்லி, வலம். தலை 45 பாகை வலம், பின்னோக்கித் தொங்கல். இடப்புறம் 90 பாகை. உடலோடு இடப்பக்கம் புரண்டு முகம் தரையை நோக்கி. மோவாயை மார்போடு சேர்த்து எழுதல். ஒவ்வொரு நிலையிலும் 1 நிமிடம். இரண்டாம் நிலையில் குமட்டல் மட்டும், வாந்தி இல்லை. 10 நிமிடம் கழித்து மறு ஹால்பைக் நெகட்டிவ்.

திட்டம்:
- சின்னரிசைன் நிறுத்தம். துகளை அது நகர்த்தாது. தூக்கக் கலக்கத்தில் விழும் அபாயம் மட்டும் கூடும்.
- ஸ்கேன், கழுத்து எக்ஸ்ரே தேவையில்லை.
- நிமிர்ந்தே தூங்கும் கட்டுப்பாடோ கழுத்துப்பட்டையோ வேண்டாம். இன்று துணையோடு வீடு திரும்ப வேண்டும். ஸ்கூட்டர் ஓட்டக் கூடாது. பரண் வேலை ஒரு வாரம் தவிர்க்க.
- சில நாள் லேசான மிதப்பு இருக்கலாம், மறுபடியும் வரலாம் என்று அவருக்கும் மகளுக்கும் சொல்லியாயிற்று.
- 7 நாளில் மறுபார்வை: ஹால்பைக் பாசிட்டிவ் என்றால் மீண்டும் எப்லி. கிடைமட்ட நிஸ்டாக்மஸ் தெரிந்தால் துகள் பக்கக் குழாய்க்குப் போயிருக்கும். அப்போது பார்பிக்யூ சுழற்சி. குறும்பியையும் அன்றே எடுக்கலாம்.
- விடாத சுற்றல், நிற்க முடியாமை, இரட்டைப் பார்வை, குழறல், புதிய கடும் தலைவலி, திடீர்ச் செவித்திறன் இழப்பு: உடனே அவசரப் பிரிவு.