சுற்றறிக்கை: அலுவலகத்தில் சின்னம்மை – முன்னெச்சரிக்கை

நாகர்கோவில்
12.03.2025

பெறுநர்: நாகர்கோவில் அலுவலகம், மார்த்தாண்டம் கிளைப் பணியாளர்கள் அனைவரும்

நம் அலுவலகத்தில் சின்னம்மை பரவத் தொடங்கியுள்ளது. யாருக்கு, எந்தப் பிரிவில் என்பதை நிர்வாகம் சொல்லாது. நீங்களும் விசாரிக்க வேண்டாம். விடுப்பில் இருப்பவர்களை வைத்து ஊகிப்பதும், வாட்ஸ்அப் குழுவில் பெயர் போடுவதும் கூடாது. பலர் வேறு காரணங்களுக்காகவும் விடுப்பில் இருக்கிறார்கள்.

இந்த நோய் காற்றின் வழியாகவும், கொப்புள நீர் படுவதாலும் பரவும். கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே தொற்றத் தொடங்கிவிடும் என்பதால், நோயுள்ளவரைப் பார்த்து ஒதுங்கிக்கொள்ளலாம் என்ற கணக்கு இங்கே உதவாது. தொற்றியபின் வெளித்தெரிய 10 முதல் 21 நாள் ஆகலாம். எனவே ஏப்ரல் 2 வரை அனைவரும் உடலைக் கவனித்துக்கொள்ளுங்கள். காய்ச்சல், உடல்வலி, அரிப்புள்ள சிவந்த தடிப்பு, நீர்க்கொப்புளம் இவற்றில் எது தெரிந்தாலும் அலுவலகத்துக்கு வராமல் போனில் தகவல் சொன்னால் போதும். பஸ்ஸில் வந்து, கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதில்லை.

கர்ப்பிணிகள், வீட்டில் பச்சிளங்குழந்தை உள்ளவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், ஸ்டீராய்டு போன்ற எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், இதுவரை அம்மை வராமலும் தடுப்பூசி போடாமலும் இருந்தால் இன்றே மருத்துவரைக் கேளுங்கள். தொற்று ஏற்பட்டிருக்கலாம் என்ற நிலையில் முதல் சில நாட்களுக்குள் செய்யக்கூடிய தடுப்பு உண்டு. தள்ளிப்போட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். கர்ப்பிணிகளுக்கு இந்தத் தடுப்பூசி கூடாது என்பதால் மருத்துவர் வேறு வழி சொல்வார். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ உங்கள் வழக்கமான மருத்துவரிடமோ செல்லலாம். கிளம்பும் முன் போனில் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். காத்திருப்போர் கூட்டத்தில் உங்களை உட்கார வைக்காமல் இருப்பார்கள். சந்தேகங்களுக்கு 104-ஐ அழைக்கலாம்.

வீட்டிலிருந்து வேலை செய்ய விரும்புகிறவர்கள் ஏப்ரல் 2 வரை செய்யலாம். காரணம் எழுத வேண்டாம், யாரும் கேட்கவும் மாட்டார்கள். கர்ப்பமாக இருப்பதை இன்னும் வீட்டிலேயே சொல்லாத ஒரு பெண்கூடத் தயங்காமல் இதைப் பயன்படுத்த வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

அலுவலகத்தில் ஏசி நிறுத்தப்பட்டு ஜன்னல்கள் திறந்திருக்கும். வெக்கை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். முகக்கவசம் வரவேற்பறையில் கிடைக்கும். டீ டம்ளர், துண்டு, ஹெல்மெட் எதையும் மாற்றிப் பயன்படுத்த வேண்டாம்.

அம்மை கண்டால் வேப்பிலை வைப்பது அவரவர் நம்பிக்கை. அதோடு மருத்துவரையும் பாருங்கள்; பெரியவர்களுக்கு இது நுரையீரல் வரை போகக்கூடும், கொப்புளம் தோன்றி 24 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கினால் பலன் அதிகம். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் நீங்களாக வாங்கி விழுங்க வேண்டாம். மூச்சுத்திணறலோ, விடாத வாந்தியோ, குழப்பமான பேச்சோ இருந்தால் 108-ஐ அழையுங்கள்.

புதுக் கொப்புளம் எதுவும் வராமல், இருப்பவை எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டிய பிறகே பணிக்குத் திரும்பலாம். அதுவரை முழுச் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. மருத்துவச் சான்றிதழை மூடிய உறையில் என்னிடம் மட்டும் தந்தால் போதும்.

மேலாளர் (நிர்வாகம்)