நீர், வயலின், நீர்: விமர்சனக் காணொளியின் திருத்திய உரை

(தொகுப்பாளருக்கு: முதல் வடிவில் 'சைக்கோ' படத்தின் குளியலறைக் காட்சி ஏறத்தாழ மூன்று நிமிடங்கள் முழுவதுமாக ஓடியது, நானோ இடையிடையே "கவனியுங்கள்" என்று சொன்னதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. அது விமர்சனம் ஆகாது, மறு ஒளிபரப்பே ஆகும். இப்போது மூன்று துணுக்குகளும் ஒன்றின் ஒலியற்ற மறுகாட்டலும் சேர்ந்து 19 விநாடிகள் மட்டுமே. பத்து விநாடிக்குள் இருந்தால் பதிப்புரிமை மீறல் ஆகாது என்று வலையில் உலவும் கணக்கை நம்பி இந்த அளவுகளை வைக்கவில்லை. சொல்ல வரும் கருத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவே வெட்டியிருக்கிறேன்.)

[திரை: கறுப்புப் பின்னணி, தலைப்பு. துணுக்கு இல்லை.]

குரல்: 1960இல் வெளிவந்த, ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக் இயக்கிய 'சைக்கோ' படத்தின் குளியலறைக் காட்சியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் வெட்டுகளைப் பற்றியே பேசுகிறார்கள். இயக்குநர் பிரான்சுவா துருஃபோவுடன் நடத்திய நேர்காணலில், 45 விநாடிப் படத்துக்காக ஏழு நாட்களும் எழுபது கேமரா அமைப்புகளும் தேவைப்பட்டன என்று ஹிட்ச்காக்கே சொல்லியிருக்கிறார். அந்தக் கணக்கு வியப்பூட்டுவதுதான். ஆயினும் நான் பேச விரும்புவது காதுக்கு நேர்வதைப் பற்றி.

[துணுக்கு 1, 5 விநாடி, மூல ஒலியுடன்: திரைச்சீலைக்குப் பின்னே நிழல் நெருங்குகிறது. கீழே எழுத்து, துணுக்கு முடியும்வரை: 'சைக்கோ' (1960), இயக்கம்: ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக், உரிமை: யுனிவர்சல்.]

குரல்: இந்த ஐந்து விநாடியில் இசை இல்லை. ஆபத்து நெருங்குவதைப் பார்வையாளருக்கு முன்கூட்டியே அறிவிக்கும் தாழ்ந்த முழக்கம் ஒன்றை வேறு எந்தத் திகில் படமும் இங்கே வைத்திருக்கும். இங்கே நீர் விழும் ஓசை மட்டுமே உள்ளது. ஜேனட் லீ ஏற்ற மேரியன் என்ற பாத்திரம் கேட்பதையே நாமும் கேட்கிறோம்; நம் கண்ணுக்குத் தெரிவது அவளுடைய காதுக்கு எட்டவில்லை என்பதால்தான் அந்த நிழல் நம்மைத் தவிக்க வைக்கிறது.

[துணுக்கு 2, 4 விநாடி, மூல ஒலியுடன்: சீலை விலக்கப்படுகிறது. கீழே அதே எழுத்துடன்: இசை: பெர்னார்ட் ஹெர்மன்.]

குரல்: இப்படத்துக்கான இசை முழுவதையும் பெர்னார்ட் ஹெர்மன் தந்திக் கருவிகளை மட்டும் கொண்டு அமைத்தார். கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கறுப்பு வெள்ளை ஒலி வேண்டும் என்பது அவர் தந்த விளக்கம். இந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் எண்ணியிருந்தார். ஹெர்மன் அமைத்ததைக் கேட்ட பின்னரே மனம் மாறினார். அவர் முதலில் எண்ணியபடியே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை ஒரு முறை சோதித்துப் பார்க்கலாம்.

[துணுக்கு 2 மீண்டும், 4 விநாடி, ஒலியில்லாமல். எழுத்து: "விமர்சனத்துக்காக ஒலி நீக்கப்பட்டது".]

குரல்: ஓங்கிய கையும் விலகிய சீலையும் அப்படியே இருக்கின்றன, ஆனால் இப்போது நாம் ஒரு செயலை வெளியிலிருந்து பார்க்கிறோம். வயலின்களின் அந்தக் கீச்சொலி இருந்தபோது, அது கத்தியின் ஒலியா, பறவையின் ஒலியா, அவளுடைய அலறலின் தொடர்ச்சியா என்று பிரித்தறிய நமக்கு நேரம் கிடைக்கவில்லை. கத்தி உடலில் இறங்குவதைத் தெளிவாகக் காட்டாமலே கண்டதாக நம்பவைப்பதில் படத்தொகுப்பாளர் ஜார்ஜ் தொமாசினியின் வெட்டுகளுக்கு உள்ள பங்கு இந்த இசைக்கும் உண்டு என்பது என் கருத்து.

(தொகுப்பாளருக்கு: கொலை நிகழும் பகுதியையும், சீலையின் வளையங்கள் அறுந்து விழும் பகுதியையும் நீக்கிவிட்டேன். முதலாவது இந்தக் காணொளியின் வாதத்துக்குத் தேவையில்லை. இரண்டாவதைச் சொல்லாலேயே விளக்கிவிடலாம்.)

[திரை: நான் எழுதிய ஒலி வரைபடம்: நீர், தந்திகள், நீர்.]

குரல்: அவள் சீலையைப் பற்றிக்கொண்டு சரியும்போது வளையங்கள் ஒவ்வொன்றாக அறுகின்றன. தந்திகள் ஓய்ந்தபின் எஞ்சுவது, தொடக்கத்தில் கேட்ட அதே நீர்.

[துணுக்கு 3, 6 விநாடி, மூல ஒலியுடன்: வடிகாலில் சுழலும் நீர் கண்ணாக உருமாறும் கரைவு. முன்போலவே எழுத்து.]

குரல்: முதலில் மேரியனுக்கு ஆறுதலாக இருந்த ஓசை, ஒலி மாறாமலே பொருள் மாறிவிட்டது. குழாயைத் திறந்தவள் இல்லை. மூட யாரும் இல்லை. கீச்சொலியைவிட இதுவே இக்காட்சியின் கொடூரமான ஒலி என்று நான் கருதுகிறேன். வடிகாலின் வட்டத்தில் கண்ணின் வட்டம் தோன்றும் கரைவை எல்லோரும் பாராட்டுகிறார்கள், அது நியாயமே. ஆனால் அந்த இணைப்பின்மேல் இசையை ஏற்றாமல் நீரை ஓடவிட்ட துணிச்சலையும் சேர்த்துப் பாராட்ட வேண்டும்.

[இறுதித் திரை, 8 விநாடி: படம்: 'சைக்கோ', 1960. இயக்கம்: ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக். இசை: பெர்னார்ட் ஹெர்மன். படத்தொகுப்பு: ஜார்ஜ் தொமாசினி. உரிமை: யுனிவர்சல். "உரிமை மீறும் நோக்கமில்லை" என்ற பழைய வரியை நீக்கிவிடவும். அதை எழுதுவதால் எந்த உரிமையும் கிடைப்பதில்லை.]