இடக்கை முடிச்சு

1772, வைகாசி மாதம். நவாபின் படையும் கும்பெனிப் படையும் ராமநாதபுரம் கோட்டையைச் சுற்றி நின்று பீரங்கியால் அடித்துக்கொண்டிருந்தன. உள்ளே சேதுபதியோ சின்னப் பையன்.

"தம்பி, புறா எத்தனை மிச்சம்?" என்று கேட்டார் மதில் காவல் சேர்வை.

"ஒண்ணுதாங்கய்யா, சாம்பி" என்றான் பக்கீர்.

தேவிபட்டினத்தில் பிறந்து வளர்ந்த புறா அது. முற்றுகைக்கு முன்பே பக்கீர் அதைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்திருந்தான். இங்கிருந்து அங்கே போகும்; அங்கிருந்து இங்கே வராது. கூட்டை நோக்கி மட்டும்தானே புறா பறக்கும்!

சேர்வை ஓலை நறுக்கில் எழுத்தாணியால் கீறினார்: 'இன்றிரவு கரையில் விளக்குத் தெரிந்தால் அது நம்முடையது அல்ல. தோணி கரைக்கு வர வேண்டாம்.' வெடிமருந்துத் தோணிகளுக்குக் காட்டவேண்டிய அடையாளம் எதிரிக்குத் தெரிந்துவிட்டது. பிடிபட்ட ஒற்றனே அதைச் சொல்லிவிட்டான்.

பக்கீர் நறுக்கைச் சுருட்டிப் புறாவின் காலில் நூலால் கட்டினான். பொழுது சாய இரண்டு நாழிகைதான் இருந்தது. இருட்டினால் சாம்பி எங்காவது பனையில் அடைந்துவிடும்.

விட்டதும் அது நேராகப் போகவில்லை. கோட்டைக்கு மேலே கந்தகப் புகை கூரை போட்டிருந்தது. அதற்குள் நுழைந்து, வெளியே வந்து, மறுபடி நுழைந்தது. ஒரு பீரங்கி வெடித்ததும் தலைகீழாக விழப்போனது. கீழே சிப்பாய்கள் துப்பாக்கியைத் தூக்கினார்கள். வேட்டைப் பழக்கமோ, சந்தேகமோ! ஒரு குண்டு வால் இறகைப் பிய்த்துக்கொண்டு போனது. சாம்பி இன்னும் மேலே ஏறியது. புகை அடியில் தங்கிவிட, வடகிழக்கே கடல் தெரிந்தது. கச்சான் காற்று பின்னாலிருந்து தள்ளியது. அப்புறம் வட்டமடிக்கவே இல்லை. சீமைக்கருவேலம் வராத காலம் அது. பனைகளும் கண்மாய்களும் அடியில் ஓட, கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களைத் தாண்டித் திரும்பிக் கூட்டுப் பலகையில் இறங்கியது.

பக்கீரின் அத்தா ஓலையைப் படித்த கையோடு வத்தைப் படகைத் தள்ளினார். தோணிகளை எட்டும்போது நன்றாக இருட்டிவிட்டது. கரையில் ஒரு விளக்கு ஆடிக்கொண்டிருந்தது.

"அந்தா விளக்குத் தெரியுதே! நீர் வேண்டாங்கிறீர். ஓலையில முத்திரையும் இல்ல. எதிரி எழுதி அனுப்பியிருந்தா?" என்றார் தோணிகளின் தலைவரான தண்டல்.

"எழுத்தை விடுங்க தண்டலே, நூலைப் பாருங்க. இது வலை முடிச்சு, அதுவும் இடக்கையால போட்டது. இந்தக் கரையில இப்படிப் போடுறவன் என் மகன் ஒருத்தன்தான். வலக்கையால போடச் சொல்லி நானே எத்தனையோ தரம் அடிச்சிருக்கேன்."

தண்டல் முடிச்சை விரலால் தடவிப் பார்த்தார்.

"பாயைத் திருப்புங்கடா!"