தொப்! தொப்! தொப்! (குரங்கும் முதலையும் – கதைப்பாட்டு)

*நூலக ஆண்டு விழாவில் எட்டுப் பிள்ளைகள் பாடுவதற்காக எழுதியது. முன்பாட்டுக்கு ஒருவர், குரங்கு, முதலை, முதலையின் மனைவி. மீதி நால்வரும் பின்பாட்டு. மெட்டு கும்மி மெட்டுதான், புதிதாகக் கற்க ஒன்றும் இல்லை. கைதட்டே தாளம். பழம் விழும் இடத்தில் எல்லோரும் மூன்று தட்டு தட்டி "தொப்! தொப்! தொப்!" என்று சொல்ல வேண்டும். அதை நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள், கடைசியில் அதற்கு ஒரு வேலை இருக்கிறது.*

*கதை பழையது. பஞ்சதந்திரத்தின் நான்காம் தந்திரம் இந்தக் கதையோடுதான் தொடங்குகிறது. புத்த ஜாதகக் கதைகளிலும் உண்டு. ஜாதகத்தில் குரங்கின் இதயம் அத்திமரத்தில் பழக்கொத்தோடு கொத்தாகத் தொங்கும். பஞ்சதந்திரத்தில் அது நாவல்மரப் பொந்துக்குள் இருக்கும். நான் பொந்தை எடுத்துக்கொண்டேன். கையை விட்டுத் தேடுவது போல நடிக்க அதுதான் வசதி. "சமயோசித புத்தி" என்று கதையை முடிப்பதுதான் வழக்கம். எனக்கு அது மட்டும் போதவில்லை. முதலை செய்ததற்கு முதலைதான் பதில் சொல்ல வேண்டும்.*

தொடக்கம்

முன்பாட்டு:
ஆற்றங் கரையிலோர் நாவல்மரம் – அதில்
ஆடித் திரிந்ததோர் ஒற்றைக்குரங்கு;
காற்றில் கிளையசைந் தாடிடவே – பழம்
காலடி எங்கும் உதிர்ந்திடுமே!

அனைவரும்: தொப்! தொப்! தொப்!

முன்பாட்டு:
வெய்யிலில் நீந்திக் களைத்துவந்து – ஒரு
வேர்நிழல் தேடிய பெருமுதலை
மெய்யெல்லாம் சேற்றுடன் மேலேறி – "ஐயோ,
மெத்தப் பசி"யென்று பார்த்ததங்கே.

பார்த்த குரங்குக்கு நெஞ்சிளகி – அந்தப்
பல்வரி சைகண்டும் அஞ்சாமல்
சேர்த்துப் பறித்தது கைநிறைய – கீழே
சிந்தி எறிந்தது பழம்பழமாய்!

அனைவரும்: தொப்! தொப்! தொப்!

*(பேச்சு)*

முன்பாட்டு: மீன் தின்கிற வாய்க்கு நாவல்பழமா?

பின்பாட்டு: அதானே! பிடித்ததா?

முதலை: பிடித்ததாவது! இன்னும் ரெண்டு போடச் சொல்லுங்கள்.

பின்பாட்டு: நாக்கு ஊதாவாகிவிட்டதா? எங்கே, நீட்டு பார்க்கலாம்!

முதலை: நான் முதலை. என்னால் நாக்கை நீட்ட முடியாது. வேண்டுமானால் வாயைத் திறக்கிறேன், நீங்களே எட்டிப் பாருங்கள்.

பின்பாட்டு: *(பின்னால் ஓடி)* வேண்டாம் வேண்டாம், நம்பிவிட்டோம்!

*(நாக்கு நீட்ட முடியாது என்பது விளையாட்டுக்குச் சொன்னதல்ல. முதலையின் நாக்கு கீழ்த்தாடையோடு ஒட்டியிருக்கும். யாராவது கேட்டால் தைரியமாகச் சொல்லலாம்.)*

நட்பு

முன்பாட்டு:
நாளொரு சேதியாய்ப் பேசினவே – தினம்
நாவல் பழம்கொட்டி உண்டனவே;
தோளில்லை முதலைக்கு, ஆனாலும் – அவர்
தோழமை கண்டவர் யாருமில்லை!

முதலை:
உச்சிக் கிளையில் இருப்பவனே – அங்கே
ஊரேதும் கண்ணுக்குத் தெரிகிறதா?

குரங்கு:
பச்சைக் கிளிக்கூட்டம் போகுதடா – ஒரு
பாய்மரம் போல முகில்வருதே!
ஆழத்தில் நீந்தித் திரிபவனே – அங்கே
யாரெல்லாம் தூங்குவர் சொல்லிடடா!

முதலை:
தாழை அடிவேரில் ஆமையுண்டு – கூழாங்
கல்லுருண் டோடிடும் சத்தமுண்டு!

*(இந்த எட்டு வரிப் பேச்சை அவசரப்பட்டுப் பாடாதீர்கள். இவர்கள் நண்பர்கள் என்பதைக் கேட்பவர் இங்கேதான் நம்ப வேண்டும். நம்பினால்தான் பின்னால் வலிக்கும்.)*

அனைவரும்: தொப்! தொப்! தொப்!

வீட்டில்

முன்பாட்டு:
மிஞ்சும் பழங்களை வாயடக்கி – அதை
வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்ததுவே;

மனைவி:
கொஞ்சம் கடித்தேன், இனிக்குதையா – தினம்
கூடையாய்த் தின்பவன் நெஞ்செப்படி?

என்னிடம் பேசிட நேரமில்லை – அந்த
எட்டாக் கிளையோடு பேச்சுனக்கு!
தின்னக் குரங்கின் இதயம்கொடு – இல்லை,
தீர்ந்தது நம்முற வென்றிருப்பேன்!

*(பேச்சு)*

முதலை: அவன் என் நண்பனாயிற்றே...

மனைவி: நானா? அவனா?

பின்பாட்டு: பழம் போட்ட கையாச்சே, முதலையாரே!

முதலை: நீங்கள் சும்மா இருங்கள். எனக்கு யோசிக்க வேண்டும்.

முன்பாட்டு: முதல் நாள் யோசித்தது. இரண்டாம் நாளும் யோசித்தது. மூன்றாம் நாள், யோசிப்பதை நிறுத்திவிட்டது.

அழைப்பு

முதலை:
அக்கரை வீட்டில் விருந்திருக்கு – உன்
அண்ணி அழைக்கிறாள், வாடாதம்பி!
முக்கனி உண்டங்கு, பாட்டுமுண்டு – என்
முதுகினில் ஏறிக்கோ, நனையமாட்டாய்!

குரங்கு:
நீச்சல் எனக்குத் தெரியாதே – நடு
நீரில் விழுந்தால் என்செய்வேன்?

முதலை:
பேச்சைப்பார், நானிங் கிருக்கையிலே – உனைப்
பிள்ளைபோல் ஏந்திநான் போகேனோ!

முன்பாட்டு:
ஏறி அமர்ந்தது வால்சுருட்டி – வழி
எங்கிலும் பாட்டுகள் பாடியதே;
ஆறு நடுவினில் வந்ததுமே – முதுகு
ஆழத்தை நோக்கி அமிழ்ந்ததுவே.

*(இங்கே கைதட்டு நிற்க வேண்டும். பின்பாட்டுக்காரர்கள் மார்பில் விரலால் மெல்லத் தட்டுங்கள்: டக், டக், டக்.)*

குரங்கு:
காலும் நனையுதே, ஏன்நண்பா?

முதலை:
உன் காலம் முடிந்தது, மன்னித்திடு.
மேலும் மறைக்க மனமில்லை – என்
வீட்டில் உன்நெஞ்சைக் கேட்டுவிட்டாள்.

*(பேச்சு)*

முன்பாட்டு: கத்தலாம். யார் கேட்பார்கள்?

பின்பாட்டு: யாருமில்லை!

முன்பாட்டு: குதிக்கலாம். எங்கே?

பின்பாட்டு: சுற்றிலும் தண்ணீர்!

முன்பாட்டு: அழலாம்.

பின்பாட்டு: அதற்கும் தண்ணீர்தான்!

முன்பாட்டு: குரங்கு கண்ணை மூடியது. ஒரு மூச்சு இழுத்தது. அப்புறம்... சிரித்தது!

பொந்து

குரங்கு:
அடடா, இதைமுன்பு சொல்லலையே! – என்
அண்ணிக்கில் லாத இதயமுண்டா?
மடையா, அதைநான் மரப்பொந்தில் – வைத்து
மறந்தல்ல வாவந்தேன் விருந்துண்ண!

தாவும் குரங்குக்கு நெஞ்செதற்கு? – கிளை
தாண்டும் பொழுதில் குலுங்கிடுமே!
நாவல் மரப்பொந்தில் பத்திரமாய் – வைத்து
நாளும் எடுத்துத் துடைத்திடுவேன்!

*(பேச்சு)*

முதலை: அப்படியா? இதயத்தைக் கழற்றி வைக்க முடியுமா?

குரங்கு: உனக்கு முடியாதா? ஐயோ பாவம்! நீந்தும்போது கனமாக இருக்காது?

முதலை: இருக்கிறது, இருக்கிறது. இன்றைக்கு ரொம்பக் கனமாகத்தான் இருக்கிறது.

குரங்கு: வெறுங்கையோடு போனால் அண்ணி என்ன நினைப்பாள்? திரும்பு, எடுத்துக்கொண்டு போகலாம்.

முதலை: *(அவையைப் பார்த்து)* திரும்பட்டுமா?

*(அவையில் உள்ள பிள்ளைகள் "திரும்பு! திரும்பு!" என்று கத்துவார்கள். கத்தாவிட்டால் பின்பாட்டுக்காரர்கள் தொடங்கி வையுங்கள்.)*

முன்பாட்டு: *(வேகமாக)*
திரும்பு திரும்பென்று வாலடித்து – அது
திக்குத் தெரியாமல் விரைந்ததுவே;
கரும்பு கிடைத்த களிப்புடனே – வந்து
கரையில் முதுகைச் சாய்த்ததுவே.

ஒட்டிய காலை உதறியது – நொடி
ஒன்றில் கரைதொட்டுத் தாவியது;
எட்டிப் பிடித்தது கிளைநுனியை – அடுத்து
எங்கோ உயரத்தில் ஏறியது!

மரத்தடியில்

முதலை:
எங்கே இதயம், எடுத்துப்போடு – நான்
எத்தனை நேரம் பொறுத்திருப்பேன்?

குரங்கு: *(பொந்தில் கைவிட்டுத் தேடி, வெறுங்கையை விரித்துக் காட்டி)*
இங்கே இருக்குது மார்புக்குள்ளே – அது
என்றும் இருந்த இடத்தினிலே!

உள்ளே இருக்குது நெஞ்செனக்கு – அது
உன்னிடம் தானடா காணவில்லை!
பிள்ளைபோல் ஏந்துவேன் என்றவனே – நடுப்
பெருநீரில் என்னைநீ என்னசெய்தாய்?

முதலை:
சொன்னது நானல்ல, அவளல்லவா? – உனைச்
சுமந்தது மட்டுமே நானல்லவா?

குரங்கு:
என்னடா நியாயம் இது?என்னை – அங்கே
ஏற்றி அமிழ்த்திய தார்முதுகு?

*(முதலை பதில் சொல்லாமல் தலையைக் குனிகிறது. முதலையின் மனைவியாக வருபவரும் இப்போது பின்பாட்டோடு வந்து நின்று பாடலாம். பழியை அவள் தலையில் மட்டும் கட்டிவிட்டுப் போக எனக்கு மனமில்லை.)*

முடிவு

அனைவரும்: *(நிறுத்தி, ஒவ்வொரு சொல்லும் தெளிவாக)*

கேட்பவர் கேட்கட்டும் ஆயிரந்தான் – அதைக்
கேட்டு நடந்தவன் நீயல்லவா?
தோட்பையில் நஞ்சைச் சுமந்துவந்து – "இது
சொன்னவர் பாவ"மென் றாகிடுமா?

அஞ்சி நடுங்கிட ஆறுகொல்லும் – கொஞ்சம்
ஆறி நினைத்தவர் கரைசேர்வார்;
நெஞ்சினைப் பொந்தில்வைத் தாலும்வை – உன்
நினைவை எடுத்துவா பயணத்திலே!

உப்பிட் டவரை நினையென்பார் – பழம்
ஊட்டிய கையையும் நாம்நினைப்போம்;
தப்பெனத் தெரிந்த பிறகதற்குத் – துணை
தருவது தானே பெருந்தப்பு!

நட்பை ஒருவர்சொல் கேட்டறுத்தால் – அது
நாளைக் கழுதாலும் ஒட்டாதே;
கிட்ட இருந்தும் கிளைநிழலில் – இனிக்
கீழே விழும்பழம் உனக்கில்லை!

*(எல்லோரும் கைதட்டுவதற்காகக் கைகளை உயர்த்துங்கள். முதலை மரத்தடியில் வாயைத் திறந்து மேலே பார்த்துக்கொண்டிருக்கட்டும்.)*

முன்பாட்டு: *(மெதுவாக, தனியாக)*
காற்றில் கிளையசைந் தாடிடவே – பழம்...

*(யாரும் தட்ட வேண்டாம். "தொப்" இல்லை. உயர்த்திய கைகள் அப்படியே இருக்கட்டும். மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். முதலை வாயை மூடிக்கொண்டு, ஆற்றுக்குள் இறங்கிப் போகிறது.)*