ஏழு அடிகள்: ஸ்ரீஜாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ஸ்ரீஜா,

தமிழிலேயே எழுது, படித்துக்கொள்கிறேன் என்று சொன்னாய். புரியாத இடங்களில் கோடு போட்டு வை. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது மலையாளத்தில் சொல்ல முயல்கிறேன். என் மலையாளத்தைக் கேட்டுச் சிரிக்கக் கூடாது.

உங்கள் வீட்டுக் கல்யாணங்களில் நிலவிளக்கு, நிறபறை, தாலி, புடவை கொடுத்தல் என்று அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்து சத்யைக்கு இலை போட்டுவிடுவார்கள். கும்பகோணத்தில் அப்படி நடக்காது. காலையில் உட்கார்ந்தால் மதியம்தான் எழுந்திருப்பாய். அதில் பலவற்றை நீ கவனிக்காமல் விட்டாலும் குற்றமில்லை. நாம் சேர்ந்து ஏழு அடி நடக்கும் சப்தபதியை மட்டும் கவனித்துவிடு.

தாலி கட்டும்போது கெட்டிமேளம் முழங்கும், அட்சதை பறக்கும், எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அடுத்த நிமிடமே பாதிக் கூட்டம் பந்திக்குப் போய்விடும். 'மாங்கல்யம் தந்துனானேன' வேத மந்திரமே அல்ல, பின்னாளில் சேர்ந்த சுலோகம். வேத மந்திரத்தோடு நடக்கும் சப்தபதியின்போது மண்டபத்தில் வாத்தியாரும் நாமும் வீடியோக்காரரும்தான் மிஞ்சுவோம். இது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கிறது. ஏனென்றால் 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, சப்தபதி உள்ள சடங்குமுறையில் ஏழாவது அடி எடுத்து வைக்கும்போதுதான் திருமணம் முழுமையடைகிறது என்கிறது. மணமக்களில் எவர் பக்கத்து வழக்கப்படியும் செய்யலாம் என்றும் அதே பிரிவு சொல்வதால், உங்கள் வீட்டு முறை மட்டுமே போதும் என்றுகூட உன் அப்பா வாதாடலாம். தயவு செய்து அவரிடம் சொல்லிவிடாதே, என் பாட்டி தாங்க மாட்டார்.

அக்னிக்கு வடபுறமாக நடப்போம். நான் குனிந்து உன் வலது கால் கட்டைவிரலைப் பிடித்து ஒவ்வோர் அடியாக எடுத்து வைப்பேன். மாப்பிள்ளை எதற்குக் காலைப் பிடிக்கிறார் என்று உன் அம்மா கேட்டாராமே? இவர்கள் ஊர் வழக்கம் என்று சொல். மடிசாரில் நடப்பது சிரமம், அவசரப்படாதே.

இணையத்தில் 'ஏழு வாக்குறுதிகள்' என்று நீளநீளமாகப் போட்டிருப்பதை நம்பாதே. நாங்கள் ஆபஸ்தம்ப சூத்திரக்காரர்கள், அதாவது ஆபஸ்தம்பர் வகுத்த சடங்குமுறைப்படி நடப்பவர்கள். எங்கள் மந்திரங்கள் ஒற்றை வரிதான். 'ஏகம் இஷே விஷ்ணுஸ்த்வா அன்வேது.' அன்னத்துக்காக முதல் அடி, விஷ்ணு உன்னைப் பின்தொடர்ந்து வரட்டும். காவிரிப் பாசன ஊர்க்காரன் சோற்றில் தொடங்குவதில் ஆச்சரியமில்லை என்று நீ கேலி செய்வாய். செய்துகொள். இரண்டாவது அடி வலிமைக்கு, மூன்றாவது விரதங்களுக்கு, நான்காவது சுகத்துக்கு, ஐந்தாவது கால்நடைகளுக்கு. எங்கள் தொழுவம் காலியாகிப் பல வருடமாயிற்று. ஆனாலும் மந்திரத்தை மாற்ற மாட்டோம்.

ஆறாவது அடி பருவங்களுக்கு. மந்திரம் நினைப்பது ஆறு ருதுக்களை. ஆனால் திருவிடைமருதூர்ப் பக்கம் வளர்ந்த எனக்கு அந்த இடத்தில் குறுவை, சம்பா, தாளடிதான் நினைவுக்கு வரும். ஜூன் 12 அன்று மேட்டூரில் தண்ணீர் திறந்தார்களா இல்லையா என்பதை வைத்தே அந்த வருடம் வீட்டில் பேச்சு எந்தத் தொனியில் இருக்கும் என்று நாங்கள் தெரிந்துகொள்வோம். திறக்காத வருடங்களும் உண்டு. அந்த வருடங்களிலும் நீ இந்த வீட்டில்தான் இருக்கப் போகிறாய். ஆகவே ஆறாவது அடியைக் கொஞ்சம் அழுத்தியே வை.

ஏழாவது, வேள்வி நடத்தும் ஏழு ஹோதாக்களுக்காக. அந்த அடி முடிந்ததும் நான் சொல்லும் மந்திரம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஏழு அடி என்னோடு நடந்த நீ எனக்குத் தோழியாக இரு; நாம் இருவரும் தோழர்களானோம்; உன் நட்பை நான் அடைய வேண்டும்; அந்த நட்பிலிருந்து நான் விலகாதிருக்க வேண்டும், நீயும் விலகாதிருக்க வேண்டும். இவ்வளவுதான் அதன் சாரம். கணவன் பேச்சைக் கேள், அடங்கி நட என்பதெல்லாம் இதில் கிடையாது. யாராவது மாமி அப்படி விளக்கினால் தலையாட்டிவிட்டு என்னிடம் வா.

உனக்கு அங்கே பேச வரியே இல்லை என்பதுதான் என் ஒரே மனத்தாங்கல். வாத்தியாரிடம் கேட்டேன், ஏழாவது அடியில் ஒரு நிமிடம் நிறுத்துவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். உன் மொழியில் நீ விரும்பியதைச் சொல். எனக்குப் புரியாவிட்டால் பிறகு விளக்கு.

அதன் பின் அம்மி மிதித்தல், மெட்டி, அருந்ததி பார்ப்பது எல்லாம் உண்டு. அவற்றை நேரில் சொல்கிறேன். உன் அம்மா அப்பா முதல் பந்திக்குப் போகாமல் அக்னிக்கு அருகில் நாற்காலி போட்டு உட்காரட்டும். சமையல்காரரிடம் இரண்டாம் பந்தியில் அவர்களுக்கு இலை ஒதுக்கச் சொல்லிவிட்டேன், அடைப்பிரதமன் தீராமல் பார்த்துக்கொள்வாராம்.

அன்புடன்,
ரகு